வெறும் வயிற்றில் நீல மாத்திரை: பள்ளிகளில் இன்னும் தொடரும் ஒரு தவறு

சென்னையின் வடபகுதிப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் செவிலியர்களும், மாத்திரை வழங்கும் பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் ஆசிரியைகளும், நான் பல ஆண்டுகளுக்கு முன் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், பதிவேட்டை எழுத வேண்டும் என்பவை அவர்களுக்கே தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கொடுப்பது

வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு முறை தரப்படும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வெறும் வயிற்றில் இரும்பு நன்கு உட்கிரகிக்கப்படும் என்று செவிலியர் பயிற்சியில் படித்திருந்தேன். அது உண்மையே. அதனுடன், எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் என்ற வசதியும் சேர்ந்துகொள்ள, ஒன்பதாம் வகுப்பு மாணவியர் 42 பேருக்கும் காலைக் கூட்டம் முடிந்தவுடன் கொடுத்தேன்.

அவர்களில் பலர் ஒரு தம்ளர் டீயோடு வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. முதல் பாடவேளை முடிவதற்குள் ஒரு மாணவி வகுப்பறையிலேயே வாந்தி எடுத்தாள், சிறிது நேரத்தில் இன்னொருத்தி. அதைப் பார்த்த ஒன்பது பேருக்கு மயக்கமும் வயிற்றுவலியும் வந்தன. அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் வயிறார இட்லி சாப்பிட்டு வந்தவர்கள் என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. முதல் இருவருக்கு மாத்திரை இரைப்பையை உறுத்தியது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அச்சமே காரணம். வாந்தி எடுத்த அந்த இருவரையும் காற்றோட்டமான தனி அறையில் படுக்க வைத்துவிட்டு, மற்றவர்களின் பாடத்தைத் தொடரச் செய்திருந்தால் அது அவர்களோடு நின்றிருக்கும். நானோ எல்லாரையும் வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்தேன்.

மறுவாரப் பதிவேட்டில் 42 பேருக்கும் குறியீடு இருந்தது. கழிப்பறைக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் நீல மாத்திரைகள் கிடந்தன. அட்டையில் குறைந்த மாத்திரைகளின் எண்ணிக்கை பதிவேட்டோடு சரியாகவே பொருந்தியதால், எந்த அதிகாரிக்கும் ஐயம் வந்திருக்காது. இன்றும் காலையிலேயே மாத்திரையை நீட்டும் ஆசிரியையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வெறும் வயிற்றில் கூடுதலாக உட்கிரகிக்கப்படும் இரும்பு, வாந்தியிலும் சாக்கடையிலும் போனால் யாருக்குப் பயன்?

அதன்பின் சத்துணவு முடிந்து அரை மணி நேரத்துக்குள், வகுப்பறையிலேயே, ஆசிரியை பார்க்கும்படி விழுங்கச் சொன்னோம். முதல் வாரம் 13 பேர்தான் முன்வந்தனர். ஆசிரியை தாமே முதலில் விழுங்கிக் காட்டத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறியது. பழைய நிலைக்கு வர ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சத்துணவு இல்லாததால், டிபன் பாக்ஸ் கொண்டுவராதவளுக்கு அன்று கொடுக்காமல் அதே வாரத்தில் வேறொரு நாள் கொடுப்பதே நல்லது.

கறுப்பு மலத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லாமலிருப்பது

"சிஸ்டர், என் பொண்ணுக்கு வயித்துல ரத்தம் கசியுதா?" என்று ஒரு தாய் பள்ளி வாசலில் நின்று அழுதார். உட்கிரகிக்கப்படாத இரும்பு மலத்தைக் கருமையாக்கும், அதனால் தீங்கில்லை. இதை முதல் மாத்திரைக்கு முன்பே மாணவியிடமும் தாயிடமும் சொல்லிவிட வேண்டும். நான் இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்துகிறேன்: மறுநாள் நிறம் மாறியதா என்று தனியே கேட்டால், வகுப்பில் ஒருத்திகூட ஆம் என்று சொல்லாதபோது சாக்கடைப் பக்கம் போய்ப் பார்ப்பேன். தார் போன்று ஒட்டும், நாற்றமடிக்கும் மலமோ கடும் வயிற்றுவலியோ இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சாப்பாட்டோடு டீ

டீயும் காபியும் இரும்பு உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம்.

தவறிய வாரத்துக்கு அடுத்த வாரம் இரண்டு

கூடாது.

இரத்தசோகை உள்ளவளுக்கும் வார மாத்திரையே போதும் என்று விடுவது

வார மாத்திரை தடுப்புக்கானது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரின் மேற்பார்வையில் தினசரிச் சிகிச்சை தேவை.

விடுமுறைக்கு அட்டை அட்டையாகக் கொடுத்தனுப்புவது

வீட்டில் தவழும் தம்பிக்கு இந்த நீல மாத்திரை மிட்டாய். பத்து கிலோ எடையுள்ள குழந்தை பத்து மாத்திரைகளை விழுங்கினால் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது; அது உயிருக்கே ஆபத்தான அளவு. அத்தகைய குழந்தை முதலில் வாந்தி எடுத்து, பின்பு சில மணி நேரம் தேறியதுபோல் தோன்றும் என்பதால், அதை நம்பிக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். விடுமுறை வாரங்களுக்கு எண்ணிக் கொடுக்கும் ஓரிரு மாத்திரைகளையும் நான் தாயின் கையில்தான் கொடுக்கிறேன், அரிசி டப்பாவுக்கு மேலுள்ள பரணில் வைக்கச் சொல்லி.