பம்மை வேகமாக்கப் போய் மோட்டரை அலைக்கழிக்காதீர்கள்: பாண்ட்வித்தில் நடக்கும் தவறுகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு மிளகாய்த் தோட்டம். கிணற்றுத் தண்ணீர், சொட்டு நீர்க் குழாய்கள், வேகத்தை மாற்றும் இன்வேட்டரில் ஓடும் மூன்று பேஸ் மோட்டர். குழாயில் அழுத்தம் 2 பாரில் நிற்க வேண்டும். சென்சர் அழுத்தத்தை அளக்கிறது, பிழைக்கு ஏற்ப உடனே அசையும் விகிதப் பகுதியும் பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் தொகையீட்டுப் பகுதியும் கொண்ட பிஐ கட்டுப்பாடு இன்வேட்டரின் ஹேர்ட்ஸைக் கூட்டிக் குறைக்கிறது. தூரத்துப் பாத்திக்கு வால்வைத் திறக்கும்போது அழுத்தத்தை 2.3 பாருக்கு உயர்த்த வேண்டும். இதை எவ்வளவு வேகமாகச் செய்யலாம் என்பதுதான் கேள்வி.

சென்சர், கட்டுப்பாடு, மோட்டர் சேர்ந்த இந்த மூடிய வளையத்தின் பாண்ட்வித் என்றால், நீங்கள் கேட்கும் மாற்றத்தை அந்த வளையம் எவ்வளவு வேகம் வரைக்கும் ஒழுங்காகப் பின்தொடரும் என்ற எல்லை. கேட்ட அளவில் சுமார் 70 வீதம்தான் வெளியே வருகிறது என்ற இடத்தை அந்த எல்லையாக எடுப்பது வழக்கம். சாதாரண வளையத்தில், 2.2 ஐ பாண்ட்வித்தால் (விநாடிக்கு இத்தனை ரேடியன்) வகுத்தால் அழுத்தம் மாற்றத்தின் 10 வீதத்திலிருந்து 90 வீதத்துக்கு ஏற எடுக்கும் நேரம் கிடைக்கும். பாண்ட்வித் 0.5 என்றால் 4.4 விநாடி, 5 என்றால் அரை விநாடிக்கும் குறைவு. இதைப் பார்த்தவுடன் எல்லோரும் 5 ஐத்தான் விரும்புவார்கள். முதல் தவறு அங்கே தொடங்குகிறது.

ஏனென்றால் அந்த வேகத்தை மோட்டர்தான் தர வேண்டும். பம்மின் அழுத்தம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 40 ஹேர்ட்ஸில் 2 பார் என்றால், அந்த இடத்தில் 1 ஹேர்ட்ஸுக்கு 0.1 பார் கிடைக்கும். காற்றுத் தொட்டியால் அழுத்தம் மெதுவாக மாறுகிறது, அதன் நேர மாறிலி 2 விநாடி என்று வையுங்கள். பிஐயின் தொகையீட்டு நேரத்தையும் 2 விநாடியாக வைத்தால், தேவையான விகித கெய்ன், அதாவது ஒரு பார் பிழைக்கு உடனே கூட்டும் ஹேர்ட்ஸ், பாண்ட்வித்தின் 20 மடங்கு. 0.5 க்கு ஒரு பாருக்கு 10 ஹேர்ட்ஸ், 5 க்கு 100 ஹேர்ட்ஸ்.

இப்போது 0.3 பார் கூட்டுங்கள். மெதுவான வளையம் உடனே 3 ஹேர்ட்ஸ் கேட்கும்; கடைசியில் தேவைப்படுவதும் அதுவே. வேகமான வளையம் 30 ஹேர்ட்ஸ் கேட்கும், அதாவது 70 ஹேர்ட்ஸில் ஓடு என்று சொல்லும். இன்வேட்டர் 50 இல் நின்றுவிடும். அதற்கும் மேலே, வேகம் கூடும் வீதத்தை விநாடிக்கு 5 ஹேர்ட்ஸ் என்று வைத்திருந்தால், 50 ஐத் தொடவே 2 விநாடி ஆகும். கணினி வரைபடத்தில் தெரிந்த அரை விநாடி தோட்டத்தில் ஒருநாளும் வராது. மோட்டர் பின்தங்கி நிற்கும் அந்த நேரத்தில் தொகையீட்டுப் பகுதி பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும்; பிறகு அழுத்தம் 2.3 ஐத் தாண்டிப் போய்த்தான் திரும்பும். சிறிய மாற்றத்துக்கு ஒழுங்காக நடக்கும் வளையம் பெரிய மாற்றத்துக்கு மட்டும் தாண்டினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது இரைச்சல். பம்மின் துடிப்பாலும் வயரில் ஏறும் குழப்பத்தாலும் சென்சர் 0.03 பார் ஆடுகிறது என்று வையுங்கள். அதே கெய்ன் இதையும் பெருக்கும். கெய்ன் 10 என்றால் 0.3 ஹேர்ட்ஸ் ஆட்டம், யாருக்கும் தெரியாது. கெய்ன் 100 என்றால் 3 ஹேர்ட்ஸ் கட்டளை ஆட்டம், மோட்டர் ஒரே வேகத்தில் ஓட வேண்டிய நேரத்திலும் இரைந்து இரைந்து ஓடும். இதில் பலர் ஏமாறுவது, அழுத்தமானியை மட்டும் பார்ப்பதால். காற்றுத் தொட்டி ஆட்டத்தை மறைத்துவிடும், ஊசி அமைதியாக நிற்கும். இன்வேட்டர் திரையில் ஹேர்ட்ஸைப் பாருங்கள், உண்மை அங்கேதான் இருக்கிறது.

சரி, ஒரு பில்டர் போட்டால் போச்சு என்பார்கள். இதுதான் மிக மோசமான தவறு என்பேன். சென்சரிலும் இன்வேட்டரிலுமாக 0.2 விநாடித் தாமதம் இருந்தால், பாண்ட்வித் 5 இல் அது மட்டுமே 57 பாகை கட்டத்தைத் தின்றுவிடும். வளையம் ஆடத் தொடங்குமுன் கையில் இருக்கும் 90 பாகையில் மிஞ்சுவது 33; அது பூச்சியமானால் ஆட்டம் அடங்காது. அதன் மேல் 1 விநாடி பில்டரைப் போடுங்கள்: வளையம் 5 இலிருந்து சுமார் 2.1 க்கு இறங்கும், மிச்சக் கட்டம் ஏறக்குறைய பூச்சியமாகும். மூன்று விநாடிக்கு ஒருமுறை அழுத்தம் ஏறி இறங்கி, அடங்காமல் ஆடும். இரைச்சலை அடக்கப் போட்ட பில்டர் வேகத்தையும் எடுத்துக்கொண்டு ஆட்டத்தையும் தந்துவிட்டது.

இந்தத் தோட்டத்துக்கு நான் பாண்ட்வித்தாக 1 ஐ எடுப்பேன். ஏறும் நேரம் 2.2 விநாடி, கெய்ன் 20, முதல் கேட்பு 6 ஹேர்ட்ஸ், அதாவது 46. 50 க்குள் அடங்குகிறது. இரைச்சலால் வரும் ஆட்டம் 0.6 ஹேர்ட்ஸ். தாமதம் தின்பது 11 பாகைதான். 0.1 விநாடி பில்டர் போட்டாலும் இன்னும் 6 பாகையோடு முடிந்துவிடும். சொட்டு நீருக்கு 2 விநாடி தாமதிப்பதால் செடிக்கு ஒன்றும் ஆகாது. இதைவிட வேகம் உண்மையிலேயே வேண்டுமென்றால் கெய்னைத் தொடுவதற்கு முன்னால், 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே இன்னும் இடம் விட்டு ஓடக்கூடிய பெரிய பம்மையும், ஆட்டம் குறைந்த சென்சரையும் பாருங்கள்.