காலாவதிப் பட்டியலில் ஒரு மாதப் பிழை

மருந்துக் கடையில் 90 நாளுக்குள் காலாவதியாகும் பேட்ச்களை எக்செலில் பட்டியலிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் 03/2026 என்றிருந்தால் மார்ச் 31 வரை விற்கலாம் என்று பொருள். ஆனால் அப்படியே தட்டினால் எக்செல் அதை மார்ச் 1 என்றே பதிவு செய்கிறது. 2025 டிசம்பர் 5 அன்று பார்த்தால் மீதம் உண்மையில் 116 நாள். பட்டியலோ 86 என்று காட்டும். மார்ச் முழுவதும் நல்ல மருந்து காலாவதியானதாகத் தெரியும்.

தேதி C2-இல் இருந்தால் மீத நாளுக்கு இதைப் போடுங்கள்:

```
=EOMONTH(C2,0)-TODAY()
```

விடை எண்ணாக வராவிட்டால் அந்தக் கட்டத்தின் வடிவத்தை ‘General’ என மாற்றுங்கள். ஆண்டை நான்கு இலக்கத்தில் தட்டுங்கள். 03/26 என்பதைச் சில கணினிகள் நடப்பு ஆண்டின் மார்ச் 26 என்று எடுத்துக்கொள்ளும்.

வடிகட்டும்போது ‘90 அல்லது அதற்குக் கீழ்’ என்று மட்டும் கொடுங்கள். ‘0 முதல் 90 வரை’ என்றால் ஏற்கெனவே காலாவதியாகி அலமாரியில் மறந்துபோன பேட்ச் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். நான் முதலில் தேடுவது அந்தக் கழித்தல் குறி வரிகளைத்தான்.

பக்கத்தில் மாத விற்பனையையும் எழுதுங்கள். 60 அட்டை இருந்து, மாதம் 15 விற்றால், 90 நாளில் 45 போய்விடும். திருப்பி அனுப்ப வேண்டியது 15 மட்டுமே.