புதிய டீம் லீடர்கள் முதல் 90 நாட்களில் செய்யும் தவறுகள்

மென்பொருள் நிறுவனங்களில் நன்றாகக் கோட் எழுதுபவரைத்தான் பெரும்பாலும் டீம் லீடர் ஆக்குகிறார்கள். மீட்டிங்குக்குத் தாமதமாக வருவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகிவிடும்.

கடினமான வேலையைத் தானே எடுத்துக்கொள்வது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆறு பேர் கொண்ட ஒரு குழுவில், பணம் செலுத்தும் பகுதியைத் திருத்தும் வேலை வந்தது. வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமானால் கோரிக்கையை மீண்டும் அனுப்ப வேண்டும். ஆனால் வாடிக்கையாளரின் பணம் இரண்டு முறை போய்விடக் கூடாது. “இதை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றார் புதிய லீடர்.

பகல் முழுக்க அவருக்கு மீட்டிங். கோட் எழுத உட்காரும்போது இரவு பத்து மணி. அதற்குள் மற்றவர்கள் முடித்த வேலைகள் அவருடைய ரிவ்யூவுக்காக வரிசையில் நின்றன. இரண்டு வார ஸ்பிரின்ட்டில் அவர் வேலையும் முடியவில்லை, அதை நம்பியிருந்த இருவரின் வேலையும் நகரவில்லை. அவசரத்தில், இளையவர் ஒருவர் அனுப்பிய கோட் பகுதியை இரவோடு இரவாகத் தானே திருத்தி எழுதிச் சேர்த்துவிட்டார். அடுத்த வாரம் அதில் பிழை வந்தபோது அந்தப் பையன் அமைதியாகச் சொன்னான்: “அது நீங்கள் மாற்றியது, அண்ணா. எனக்கு அது புரியவில்லை.”

அந்த வேலையைக் குழுவில் அடுத்த நிலையில் இருப்பவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் தவறு. கோட் எழுதும் முன் ஒரு பக்கத்தில் திட்டம் கேளுங்கள். “பதில் வராமல் மீண்டும் அனுப்பினால், அது பழைய கோரிக்கைதான் என்று எப்படி அடையாளம் காண்பாய்?” என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். மீண்டும் அனுப்பும்போதும் அதே அடையாள எண் போக வேண்டும்; இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாறியின் பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் ரிவ்யூவில் சண்டை போடுகிற விஷயமே இல்லை.

கை அரித்தால் ஒரு சின்னப் பிழையைத் திருத்துங்கள், லாக் செய்திகளைச் சீர்படுத்துங்கள். நீங்கள் ஒரு வாரம் தொடாவிட்டாலும் யாரும் காத்திருக்காத வேலையாக அது இருக்கட்டும். நிலைமையைச் சோதிக்க ஒரு நாள் விடுப்பு எடுத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் எத்தனை ரிவ்யூக்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வந்ததும் முறைகளை மாற்றுவது

முதல் மாதம் வேண்டாம். அந்த முறை ஏன் வந்தது என்று பழையவர்களிடம் கேளுங்கள். பாதி விஷயங்களுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கும்.

நேற்றுவரை நண்பராக இருந்தவரிடம் குறை சொல்லத் தயங்குவது

தனியாக, அன்றே, நேராகச் சொல்லுங்கள். ஆண்டு மதிப்பீடு வரை சேர்த்துவைத்தால் நட்பும் போகும்.

மேலாளரிடம் தேதி சொல்லிவிடுவது

வேலையைச் செய்யப்போகிறவரைக் கேட்காமல் சொல்லாதீர்கள்.