P சிறிதாக வந்தால் போதுமா? போக்குச் சோதனையில் நாம் விடும் தவறுகள்

வன்னியில் வைகாசி வெயிலில் கோயில் திருவிழா என்றால் வீதியோரம் தாகசாந்திப் பந்தல் இல்லாமல் இருக்காது. பெரிய கிடாரத்தில் சர்பத், அதற்குள் உடைத்துப் போட்ட ஐஸ் கட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கும் பொடியன்கள். இரண்டு நாள் கழித்து ஊரில் பலருக்கு வயிற்றோட்டம் என்று வைத்துக்கொள்வோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படிவத்தோடு வீடு வீடாகப் போவார். "எத்தனை கிளாஸ் குடிச்சனீங்கள்?" என்பது அதில் கட்டாயம் இருக்கும் கேள்வி.

கீழே உள்ள எண்கள் வகுப்பில் கணக்குப் பழக்குவதற்காக நான் போட்டவை. எந்த ஊரில் நடந்ததும் அல்ல.

| குடித்த கிளாஸ் | நோயுற்றோர் | மொத்தம் | வீதம் |
|---|---|---|---|
| 0 | 2 | 50 | 4% |
| 1 | 14 | 40 | 35% |
| 2 | 13 | 36 | 36% |
| 3 அல்லது கூட | 8 | 24 | 33% |

சாதாரண கை-வர்க்கச் சோதனை இந்த நான்கு வரிகளையும் நான்கு தனிப் பெட்டிகளாகத்தான் பார்க்கும். வரிகளை மேலும் கீழும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், விடை மாறாது: 17.30, df 3. ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்ற வரிசை அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் கொக்ரன் 1954இலும் ஆர்மிட்டேஜ் 1955இலும் எழுதிய போக்குச் சோதனை இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2, 3 என்று ஒரு புள்ளி கொடுத்து, புள்ளி ஏற ஏற நோய் வீதமும் நேர்கோட்டில் ஏறுகிறதா என்று ஒரே கேள்வி கேட்கும். அதனால் df 1. Epi Infoவின் StatCalcஇலும் இது இருக்கிறது, Rஇல் ஒரு வரியில் முடிந்துவிடும்:

```
r <- c(2, 14, 13, 8)
n <- c(50, 40, 36, 24)
prop.trend.test(r, n)
```

விடை 10.70, P பெறுமானம் 0.001. வகுப்பில் யாராவது ஒருவர் இந்த இடத்தில் எழும்புவார்: "அண்ணை, P 0.001 வந்திட்டுது. கூடக் குடிச்ச ஆக்களுக்குக் கூட வருத்தம் எண்டு எழுதலாம்தானே?"

எழுதக்கூடாது. அட்டவணையின் கடைசி நிரலைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். 4இலிருந்து 35க்கு ஒரே பாய்ச்சல். அதற்குப் பிறகு 35, 36, 33 என்று சமதரை. குளக்கட்டில் ஏறுவது போலத்தான், ஏறியதும் மேலே நடை சமம். பிறகு ஏன் சோதனை 'போக்கு உண்டு' என்கிறது? முதல் வரி மட்டும் மிகத் தாழ்வாக இருந்தாலே, நான்கு வரிகளுக்கும் நடுவே வரையும் நேர்கோடு சாய்ந்துவிடும். சோதனை பார்ப்பது அந்தச் சாய்வு பூச்சியமா இல்லையா என்பதை மட்டும். ஒவ்வொரு படியும் ஏறுகிறதா என்று அது பார்ப்பதில்லை.

இதைப் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. முதலாவது கழித்தல் கணக்கு: முழுச் சோதனையின் 17.30இலிருந்து போக்கின் 10.70ஐக் கழித்தால் 6.60, df 2, P 0.037. இது நேர்கோட்டிலிருந்து விலகும் பகுதி. இவ்வளவு மிச்சம் இருந்தால் கோடு தரவுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஆனால் ஆட்கள் குறைவாக உள்ள அட்டவணையில் உண்மையான விலகலும் இந்தக் கழித்தலில் தெரியாமல் போகலாம். அதனால் நான் அதிகம் நம்புவது இரண்டாவது வழியை. குடிக்காதவர்களை எடுத்துவிட்டு, குடித்த 100 பேருக்குள் மட்டும் போக்கைத் திரும்பப் பாருங்கள்:

```
prop.trend.test(r[-1], n[-1], score = 1:3)
```

வருவது 0.01, P 0.91. அதாவது குடித்தவர்களுக்குள் கிளாஸ் எண்ணிக்கைக்கும் நோய்க்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. முதலில் கண்ட போக்கு முழுவதும் 'குடித்தாரா, இல்லையா' என்பதிலிருந்து வந்தது.

அதற்காகச் சர்பத்தில் குற்றம் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இது அடுத்த தவறு, முதலாவதற்கு எதிர்ப்பக்கம். ஷிகெல்லா போன்ற கிருமி பத்து முதல் நூறு உடலுக்குள் போனாலே நோய் வரலாம். ஒரு கிளாஸிலேயே அது போய்விட்டால் இரண்டாவது கிளாஸால் கூடுவதற்கு ஒன்றும் இல்லை. வேறு விளக்கமும் உண்டு: குடிக்காத அந்த 50 பேர் யார்? பின்னேரம் வந்து, பூசை பார்த்துவிட்டு, மடத்தில் சாப்பிடாமலே திரும்பியவர்களாக இருந்தால், அவர்கள் தப்பியது சர்பத் குடிக்காததாலா சோறு சாப்பிடாததாலா என்று இந்த அட்டவணையைக் கொண்டு சொல்ல முடியாது. பந்தலுக்கு வந்தும் குடிக்காதவர்களைத் தனியாக எண்ணினால்தான் தெரியும்.

வயதையும் பாருங்கள். சிறுபிள்ளைகள் ஒரு கிளாஸோடு நிறுத்திவிடுவார்கள், வருத்தமும் அவர்களுக்குச் சுலபமாக வரும். வெயிலில் காவடி எடுத்த இளந்தாரிகள் மூன்று நாலு குடிப்பார்கள், தாங்கியும் கொள்வார்கள். இரு தரப்பையும் ஒரே அட்டவணையில் கலந்தால் உண்மையான ஏற்றம் ஒன்று சமதரையாகத் தெரியக்கூடும். பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று இரண்டு அட்டவணை போட்டுப் பார்த்த பிறகு, போக்குச் சோதனைக்கு மான்டெல் 1963இல் எழுதிய விரிவாக்கத்தால் இரண்டையும் சேர்த்துச் சோதிக்கலாம்.

புள்ளி கொடுப்பதிலும் வழுக்குவோம். 0, 1, 2, 3 என்றாலும் 1, 2, 3, 4 என்றாலும் விடை ஒன்றுதான், இடைவெளி சமமாக இருப்பதால். ஆனால் '3 அல்லது கூட' என்ற வரியில் சராசரி நாலு கிளாஸ் என்று அதற்கு 4 கொடுத்தால் 10.70 என்பது 8.24 ஆகிறது. படிவத்தில் சரியான எண்ணிக்கையைக் கேட்டிருந்தால் அந்த வரியின் சராசரியை எடுங்கள், இல்லாவிட்டால் 3 என்றே விடுங்கள். எதுவானாலும் விடையைப் பார்க்கும் முன் முடிவெடுத்து எழுதி வையுங்கள். எது நல்ல P தருகிறது என்று பார்த்துப் புள்ளியை மாற்றினால், அல்லது இரண்டு வரிகளைச் சேர்த்தால், பிறகு அந்த P எதையும் குறிக்காது.

இன்னொன்று நானே பட்டது. பழைய படிவம் ஒன்றில் 'ஞாபகம் இல்லை' என்பதற்கு 9 என்று குறியீடு. கணினி அதை ஒன்பது கிளாஸ் என்று எடுத்துக்கொண்டது. சில பேர்தான், ஆனால் 0க்கும் 3க்கும் இடையில் இருக்கும் கோட்டில் 9 என்பது எங்கோ தூரத்தில் கிடப்பதால் கோடு முழுவதும் அவர்கள் பக்கம் இழுபட்டுவிட்டது. அரை நாள் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். இப்போதெல்லாம் முதலில் ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமல் சோதனைப் பக்கமே போவதில்லை.

சரி, மேலே உள்ள அட்டவணைக்கு அறிக்கையில் என்ன எழுதுவது? நான் இப்படி எழுதுவேன்: "சர்பத் குடித்தவர்களில் 35 சதவீதத்தினருக்கும் குடிக்காதவர்களில் 4 சதவீதத்தினருக்கும் வயிற்றோட்டம் ஏற்பட்டது. குடித்தவர்களுக்குள், கிளாஸ் எண்ணிக்கையோடு வீதம் கூடியதாகத் தெரியவில்லை (P 0.91)." வீதங்களையும் நான்கு வரியாக அப்படியே கீழே போடுவேன். அதைப் பார்க்கும் வைத்திய அதிகாரி அடுத்துக் கேட்கப் போவது ஐஸ் எங்கிருந்து வந்தது, கிடாரத்துத் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதைத்தான்.