5000 நட்டுக்கு 52 குறைந்த கதை

எங்கள் பட்டறையில் எம்3 நட்டுகளை எண்ணாமல் எடை போட்டுத்தான் பை கட்டுவோம். 10 நட்டை நிறுத்து, ஒன்றின் எடை பார்த்து, 5000-ஆல் பெருக்கினால் பையின் எடை. அப்படிக் கட்டிய ஒரு பையில் 52 குறைகிறது என்று வாங்கியவர் திருப்பி அனுப்பினார். யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பேச்சு. கோளாறு கணக்கில் இருந்தது.

எங்கள் தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும். 10 நட்டின் உண்மை எடை 3.84 கிராம்; திரையில் 3.8. ஆக ஒன்று 0.38 கிராம், பை 1900 கிராம். ஆனால் 1900-ஐ 0.384-ஆல் வகுத்தால் 4948தான் வரும்.

இப்போது 100 நட்டை நிறுக்கிறேன். 0.1 வரை காட்டும் தராசு அதிகபட்சமாக 0.05 கிராம் தவறினாலும் 5000-க்கு 7 நட்டுக்குள் அடங்கிவிடும். 100-ஐப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவது நல்லது, அதில் ஒன்று விட்டுப்போனாலே பையில் 50 நட்டு பிசகும்!

அப்புறம், நட்டுக்கு நட்டு எடையும் கொஞ்சம் மாறும். அது 2 சதவீதம் என்றால் 100 நட்டின் சராசரியில் 0.2 சதவீதமாகச் சுருங்கும். 5000-க்குச் சுமார் 10 நட்டு. வேறு லாட் கலந்தால் இந்தக் கணக்கு செல்லாது, முலாம் கனம் மாறியிருக்கும். அதனால் லாட் மாறும்போதெல்லாம் புதிதாக 100 எடுக்கிறேன். குறையவே கூடாத ஆர்டருக்கு 20 நட்டு கூடுதலாகப் போட்டுவிடுகிறேன்.