பத்துக்கு ஒன்றுதான் ஏறுகிறதா? லூன் சரிபார்ப்பில் எங்கே பிசகுகிறோம்

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை ஒன்றுக்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிறவர்கள் போனைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளும் கடை அது. ஒரே மாடல், ஒரே நிறத்தில் நாலைந்து போன் மேசையில் கிடக்கும். எது யாருடையது என்பதற்கு நோட்டில் எழுதிய ஐஎம்இஐ எண்தான் கணக்கு. அதில் ஒரு இலக்கம் மாறினாலும் ஆளுக்கு ஆள் போன் மாறிவிடும். அதனால் எண்ணை அடிக்கும்போதே லூன் முறைப்படி சரிபார்க்கும் வேலையையும் புரோகிராமில் சேர்த்திருந்தேன்.

முதல் நாள் மத்தியானமே கவுண்டரில் இருக்கும் தம்பி போன் பண்ணினார். “அண்ணே, சரியா அடிச்சாலும் தப்புன்னே சொல்லுது. பத்து போன் போட்டா ஒண்ணுதான் ஏறுது.”

அந்த ‘பத்துக்கு ஒண்ணு’ என்ற சொல்லிலேயே தவறு எங்கே என்பது இருந்தது. அதை விளக்குவதற்கு முன் முறையை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1960-இல் கிடைத்தது. எண்ணின் வலது ஓரத்தில் நிற்பது சரிபார்ப்பு இலக்கம். அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கம் உள்ளதை இரட்டிக்க வேண்டும். அடுத்ததை விட வேண்டும், அதற்கடுத்ததை இரட்டிக்க வேண்டும், இப்படியே இடது ஓரம் வரை போக வேண்டும். இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் அதிலிருந்து 9-ஐக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 0-வில் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் எண்ணை இங்கே போடக் கூடாது என்பதால், எடுத்துக்காட்டாகப் பலரும் காட்டும் 490154203237518 என்ற எண்ணையே எடுத்துக்கொள்கிறேன்.

```
எண்       4 9 0 1 5 4 2 0 3 2 3 7 5 1 8
இரட்டிப்பு    *   *   *   *   *   *   *
மதிப்பு    4 9 0 2 5 8 2 0 3 4 3 5 5 2 8
```

மூன்றாவது வரியைக் கூட்டினால் 60. எண் சரி.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். வங்கிக் கார்டு எண்ணைச் சரிபார்க்க முன்பு எழுதியிருந்த துண்டை அப்படியே எடுத்து இங்கே ஒட்டியிருந்தேன். அது இடப்பக்கத்திலிருந்து எண்ணும். முதல் இலக்கத்தை இரட்டிக்கும், இரண்டாவதை விடும். கார்டு எண்ணுக்குப் பெரும்பாலும் 16 இலக்கம், அதாவது இரட்டைப்படை. அதனால் இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் இரட்டிப்பு ஒரே இலக்கங்களின் மேல்தான் விழும். ஐஎம்இஐக்கு 15 இலக்கம். இடமிருந்து தொடங்கினால் இரட்டிக்க வேண்டியதெல்லாம் தப்பித்துக்கொள்ளும், விட வேண்டியதெல்லாம் இரட்டிக்கப்படும். மேலே உள்ள எண்ணையே அப்படிக் கூட்டிப் பாருங்கள்: 57 வரும். சரியான எண்ணைத் தப்பு என்று சொல்லிவிடும்.

அப்படியானால் பத்தில் ஒன்று மட்டும் எப்படி ஏறியது? தப்பான இடத்தில் இரட்டித்துக் கூட்டினாலும் விடை ஏதோ ஒரு இலக்கத்தில் முடிந்துதானே ஆக வேண்டும். அது 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம், ஆகவே சுமாராகப் பத்தில் ஒன்று தற்செயலாக 0-வில் முடியும். இதே கணக்கில் தப்பான எண்களிலும் பத்தில் ஒன்று உள்ளே போய்விடும், அதுதான் இன்னும் மோசம். சரியான எண்களில் பத்துக்கு ஒன்பதைத் தள்ளும் புரோகிராமைப் பார்த்தால், முதலில் எண்ணும் திசையைச் சந்தேகப்படுங்கள். நான் கார்டு எண்களை மட்டும் போட்டுச் சோதித்திருந்தேன். 15 இலக்க எண் ஒன்றைப் போட்டிருந்தால் கடைக்கு அனுப்பும் முன்பே இது தெரிந்திருக்கும்.

திசையைச் சரிசெய்தபின் அடுத்த தேவை வந்தது. பழைய பட்டன் போன்களில் பேட்டரிக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கர் தேய்ந்து கடைசி இலக்கம் மட்டும் தெரியாமல் போயிருக்கும். போனும் ஆன் ஆகாது, அதனால் `*#06#` அடித்தும் பார்க்க முடியாது. 14 இலக்கம் கையில் இருக்கிறது, பதினைந்தாவது வேண்டும். இங்கேதான் பலரும் திரும்பவும் அதே குழியில் விழுகிறார்கள். சரிபார்க்க எழுதிய ஃபங்ஷனிலேயே 14 இலக்கத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டு எண்ணில் கடைசி 8 தெரியவில்லை என்றால், அது வலது ஓரத்தில் நிற்கும் 1-ஐச் சரிபார்ப்பு இலக்கம் என்று நினைத்து, இரட்டிக்காமல் விட்டுவிடும். அதனால் இரட்டிப்பு முழுவதும் ஓரிடம் நகர்ந்துவிடுகிறது. கூட்டுத்தொகை 50 வரும். கடைசி இலக்கம் 0 என்று தோன்றும். உண்மையில் அது 8.

இதற்காக இரட்டிப்பை மாற்றி இன்னொரு ஃபங்ஷன் எழுதுகிறவர்கள் உண்டு. நான் அதை விரும்புவதில்லை. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு துண்டு இருந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது விட்டுப்போகும். அதற்குப் பதில், இல்லாத இலக்கத்தின் இடத்தில் ஒரு 0-வைப் போட்டு உட்காரவைத்துவிட்டால் போதும். 0 கூட்டலில் எதையும் சேர்க்காது. ஆனால் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மற்ற இலக்கங்கள் அதனதன் இடத்தில் நிற்கும்.

```python
def luhn_sum(s):
    total = 0
    for i, ch in enumerate(reversed(s)):
        d = int(ch)
        if i % 2 == 1:
            d = d * 2
            if d > 9:
                d = d - 9
        total = total + d
    return total

def is_valid(s):
    return luhn_sum(s) % 10 == 0

def check_digit(body):
    return (10 - luhn_sum(body + "0") % 10) % 10
```

`49015420323751`-உடன் 0 சேர்த்துக் கூட்டினால் 52 வரும். அடுத்த பத்துக்கு, அதாவது 60-க்கு, இன்னும் 8 வேண்டும். அந்த 8-தான் தேய்ந்துபோன இலக்கம்.

கடைசி வரியில் `% 10` இரண்டு முறை வருவதைப் பார்த்து, ஒன்று வீண் என்று எடுத்துவிடாதீர்கள். கூட்டுத்தொகை ஏற்கெனவே 0-வில் முடிந்திருந்தால் 10-லிருந்து 0 போக 10 என்று விடை வரும். ஒரு இலக்கம் வர வேண்டிய இடத்தில் இரண்டு இலக்கம் ஒட்டிக்கொள்ளும். `49015420323731` என்று கொடுத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை 50. வெளியே இருக்கும் `% 10` இல்லையென்றால் `4901542032373110` என்று 16 இலக்கத்தில் ஒரு எண் கிடைக்கும். இந்தத் தவறு முன்னதற்கு நேர்மாறாகத் தலைகாட்டும்: பத்தில் ஒன்பது எண் ஒழுங்காக வரும், சரிபார்ப்பு இலக்கம் 0 ஆக வேண்டிய ஒன்று மட்டும் கெடும். நாலைந்து எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தால் கண்ணில் படாமலே போகலாம்.

இதைவிடவும் மறைந்திருக்கும் தவறு ஒன்று உண்டு. 9-ஐக் கழிப்பதற்குப் பதில் சுருக்கமாக இருக்கட்டும் என்று `d * 2 % 9` என்று எழுதுவது. 12-க்கு 3, 16-க்கு 7 என்று சரியாகவே வரும். ஆனால் 9-ஐ இரட்டித்தால் 18. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 0. வர வேண்டியது 9. ஆக, இரட்டிக்கும் இடத்தில் 9 வராத எண்கள் எல்லாம் தேறிவிடும், வருகிற எண்களில்தான் சிக்கல். நம் எண்ணின் இரண்டாவது இலக்கமே அப்படி ஒரு 9 என்பதால் 52-க்குப் பதில் 43 வந்து, கடைசி இலக்கம் 7 என்று காட்டும்.

சரி, எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டோம். அப்புறமும் இந்த முறை எதைக் கண்டுபிடிக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றி அடித்தால் தவறாமல் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் பிடிக்கும், ஒன்றைத் தவிர: 09, 90. எடுத்துக்காட்டு எண்ணிலேயே 490 என்று தொடங்குகிறது. அதை 409154203237518 என்று மாற்றி அடித்துப் பாருங்கள், சரி என்றே சொல்லும். 9-ஐ இரட்டித்து 9 கழித்தாலும் 9, இரட்டிக்காமல் விட்டாலும் 9; 0-வும் அப்படியே. இடம் மாறினாலும் கூட்டுத்தொகை அசையாது. அதனால் எண்ணில் 09 அல்லது 90 இருந்தால் தம்பி ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறார்.

முன்னால் இருக்கும் 0 விழுந்துவிட்டாலும் லூனுக்குத் தெரியாது. 01 என்று தொடங்கும் ஐஎம்இஐக்கள் உண்டு. எக்செலில் எண்ணாக ஏற்றினால் அந்த 0 போய், 14 இலக்கம்தான் மிஞ்சும். வலமிருந்து எண்ணுவதால் மற்றவை எதுவும் நகராது, எண் ‘சரி’ என்று வந்துவிடும். இந்தப் பக்கம் குறைவதைப் போல அந்தப் பக்கம் கூடுவதும் நடக்கும். சில போன்களில் `*#06#` அடித்தால் எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் `01` போல இரண்டு இலக்கமும் வரும். அது மென்பொருள் பதிப்பின் எண், ஐஎம்இஐயின் பகுதி அல்ல. இடைவெளியையும் கோட்டையும் நீக்குகிறேன் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் 17 இலக்கம் ஆகிவிடும். ஆகவே ஐஎம்இஐயை முதலிலிருந்து கடைசிவரை எழுத்துச்சரமாகவே வைத்திருங்கள். கூட்டுவதற்கு முன்பே 15 இலக்கம்தானா என்று பாருங்கள்.

```python
def is_imei(s):
    return (len(s) == 15 and s.isascii()
            and s.isdigit() and is_valid(s))
```

`isascii` எதற்கு என்று கேட்கலாம். பைத்தானின் `isdigit` தமிழ் எண்ணான ௧-ஐயும் இலக்கமாக ஏற்றுக்கொள்ளும், `int` அதை 1 ஆக்கியும் விடும். கணக்கு சரியாக வரும், ஆனால் நோட்டில் தேடும்போது அந்த எண் கிடைக்காது.

கடைக்காரர் ஆதார் எண்ணுக்கும் இதையே போட்டுத் தரச் சொன்னார். அது கூடாது. ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் என்ற வேறு முறைப்படி வருவது. 09, 90 இடம் மாறுவதைக்கூட அது பிடித்துவிடும். லூனில் போட்டால் நல்ல ஆதார் எண்களிலும் பத்துக்கு ஒன்பது தள்ளப்படும். கவுண்டரிலிருந்து அதே போன் மறுபடி வரும்.

இப்போது அந்தப் புரோகிராமில் எதைத் திருத்தினாலும் இந்த ஆறு வரியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கடைக்கு அனுப்புகிறேன். 16 இலக்கம், 15 இலக்கம், கடைசி இரண்டு இடம் மாறியது, தேய்ந்த இலக்கம், சரிபார்ப்பு இலக்கம் 0 ஆவது, முன்னால் உள்ள 0 விழுந்தது என்று ஒவ்வொரு வரியும் ஒரு தவறுக்குக் காவல்.

```python
assert is_valid("4111111111111111")
assert is_imei("490154203237518")
assert not is_imei("490154203237581")
assert check_digit("49015420323751") == 8
assert check_digit("49015420323731") == 0
assert not is_imei("00000000000000")
```

கடைசி வரியில் இருப்பது பதினான்கு 0. `is_valid`-இடம் மட்டும் கேட்டால் அதையும் சரி என்றே சொல்லும்.