பிள்ளைக்குச் சிகிச்சை பலிக்கிறதா? எஸ்டிக்யூ தாளும், வாரம் மூன்று எண்ணும்

பத்து வாரம் ஆலோசனைக்கு வந்த பிறகு, "இப்பக் கொஞ்சம் பரவாயில்ல மேடம்" என்று ஒரு அம்மா சொல்வார். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு? வீட்டில் மட்டுமா, பள்ளியிலுமா? பிள்ளை என்ன சொல்கிறது? பள்ளியிலோ சிகிச்சை மையத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆலோசகர்கள் இதைச் சின்னத் தாள்களை வைத்தே பார்க்கலாம். நான் இப்போது செய்யும் முறையை எழுதுகிறேன். உதாரணத்துக்கு வரும் பெண்ணின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்: வயது 12, ஏழாம் வகுப்பு, காலையில் வயிற்று வலி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு லீவு.

முதல் படி: தொடக்கத் தாள்

நான் எடுப்பது எஸ்டிக்யூ, அதாவது Strengths and Difficulties Questionnaire, பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் தாள். பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் "உண்மையில்லை", "ஓரளவு உண்மை", "நிச்சயமாக உண்மை" என்று மூன்று பதில்கள். மதிப்பெண் 0, 1, 2. பெற்றோருக்கு ஒரு தாள், ஆசிரியருக்கு ஒன்று, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தாங்களே நிரப்ப ஒன்று. தமிழ்த் தாள் `sdqinfo.org` தளத்தில் கிடைக்கிறது. இதைவிட நீளமான தாள்களும் உண்டு. ஆனால் நூறு கேள்வியை ஓர் ஆசிரியரிடம் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். 25 கேள்வி என்றால் இடைவேளையிலேயே முடித்துத் தந்துவிடுவார்.

கட்டணம் வாங்காமல் காகிதத்தில் நகலெடுத்துப் பயன்படுத்தத் தடையில்லை. அதை கூகுள் ஃபார்மாக மாற்றவோ, கேள்வியின் வார்த்தையைத் திருத்தவோ அனுமதி இல்லை. அதனால் காகிதத்தில் வாங்கி, எண்களை மட்டும் ஷீட்டில் ஏற்றுகிறேன்.

மூன்று பேரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பிள்ளை பேனாவை எடுக்கும் முன் அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மாவை வெளி அறையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையிடம் தாளைக் கொடுப்பேன்.

ஆசிரியர் என்றால் வகுப்பாசிரியர்தான் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பெண்ணுக்கு நடுக்கம் வருவது எழுந்து நின்று சத்தமாக வாசிக்கும்போது. அதைப் பார்ப்பவர் தமிழாசிரியை. தாள் அவரிடம்தான் போனது, பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு.

கூட்டுவது

25 கேள்விகள் ஐந்து ஐந்தாக ஐந்து பிரிவு: உணர்வுப் பிரச்சினை, நடத்தை, துறுதுறுப்பும் கவனமின்மையும், நட்பு, பிறருக்கு உதவும் குணம். கடைசிப் பிரிவைக் கூட்டலில் சேர்ப்பதில்லை. மற்ற நான்கும் சேர்ந்து 0 முதல் 40 வரை வரும். எண் கூடினால் சிரமம் கூடுகிறது.

7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்து கேள்விகள் நல்ல குணத்தைக் கேட்கின்றன. "நெருங்கிய நண்பர் ஒருவராவது உண்டு" என்பதற்கு "நிச்சயமாக உண்மை" என்று வந்தால் அது சிரமம் அல்ல, மதிப்பெண் 0. இந்த ஐந்தையும் திருப்பிப் போட வேண்டும். ஷீட்டில் B முதல் Z வரை 25 பதில்களையும் தாளில் இருக்கும் வரிசையிலேயே, திருப்பாமல், 0, 1, 2 என்று ஏற்றிவிட்டு இதைப் போடுங்கள்:

```
=IF(COUNT(B2:Z2)<25,"விடுபட்டது",
 SUM(B2:Z2)-(B2+E2+J2+R2+U2)
 +10-2*(H2+L2+O2+V2+Z2))
```

*பின்சேர்க்கை:* முன்பு நான் கொடுத்திருந்த சூத்திரத்தில் COUNT இல்லை. விடுபட்ட கேள்விக்கும் மதிப்பெண் ஏறுகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். அவர் சொன்னது சரி. வெற்றுக் கட்டத்தை ஷீட் 0 என்று எடுத்துக்கொள்ளும். திருப்பிப் போடும் கேள்வியாக இருந்தால் அது 2 ஆகிவிடும். தாள் கைக்கு வந்ததும் 25 பதிலும் இருக்கிறதா என்று நிரப்பியவர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள்.

நம் பெண்ணுக்கு வந்த மொத்தம்: அம்மா 19, பிள்ளை 18, ஆசிரியை 8. பிரிட்டனில் வகுத்த வழக்கமான எல்லைப்படி பெற்றோர் தாளில் 17 முதல் அதிகம், பிள்ளையின் தாளில் 16 முதல் 19 எல்லைக்கோடு, ஆசிரியர் தாளில் 11 வரை இயல்பு. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 15 வரும். அந்த 15 யாருடைய கண்ணில் பட்டதும் இல்லை, அதனால் சராசரி எடுக்கவே கூடாது. ஆசிரியை தவறாகப் போடவும் இல்லை. பயந்து அமைதியாக இருக்கும் பிள்ளை வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. வயிற்று வலி வீட்டு வாசலில் நடக்கிறது. மூன்று பேர் மூன்று இடத்தில் பார்க்கிறார்கள். மூன்று எண்ணையும் தனித்தனிக் கோடாகவே வைத்திருங்கள்.

வாராந்திர எண்

எஸ்டிக்யூவை வாராவாரம் கொடுக்க முடியாது. அதற்காகத்தான் இந்த வார எண். அமெரிக்க உளவியலாளர் ஜான் வைஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2011இல் எழுதிய "முதன்மைப் பிரச்சினைகள்" முறையின் வழி வந்தது. ஒவ்வொருவரும் தங்களை அதிகம் வருத்துவதைத் தங்கள் வாயால் சொல்வார்கள். வாரந்தோறும் அதற்கு 0 முதல் 10க்குள் ஓர் எண் கொடுப்பார்கள். மூன்று பிரச்சினை வரை எடுக்கலாம். நான் ஆளுக்கு ஒன்று மட்டும் வைக்கிறேன். ஒன்று என்றால்தான் மூன்று மாதமும் தவறாமல் வருகிறது.

அம்மா: "காலைல வயித்து வலின்னு அழறா, ஸ்கூலுக்குக் கிளம்ப மாட்டேங்கிறா." பிள்ளை: "எந்திரிச்சு வாசிக்கச் சொன்னா கை நடுங்குது." ஆசிரியை: "கேள்வி கேட்டா குனிஞ்சுக்கிறா, பதிலே வராது."

இந்த வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். "பதற்றம்" என்று நீங்கள் மாற்றி எழுதினால் மூன்று பேரும் மூன்று பொருளில் எண் தருவார்கள். ஒவ்வொரு வாரமும் அதே வாக்கியத்தைப் படித்துக்காட்டிவிட்டு எண் கேளுங்கள். ஆசிரியை வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸாப்பில் எண்ணை மட்டும் அனுப்புவார், பெயர் இல்லாமல்.

சிகிச்சை தொடங்கும் முன் இரண்டு வாரம் எண் வாங்கிவிடுங்கள். குடும்பங்கள் பெரும்பாலும் நிலைமை மிக மோசமான வாரத்தில்தான் நம்மிடம் வருகின்றன. நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கும். நம் பெண்ணுக்கு இரண்டு வாரமும் அம்மா 8, 8. பிள்ளை 6, 7. ஆசிரியை 9, 9. இறங்காமல் நின்றதால் இதையே தொடக்கமாக வைத்துக்கொண்டோம்.

பதிவுக்கு எனக்குப் பிடித்தது கட்டம் போட்ட கிராஃப் நோட்டு, மூன்று நிறப் பேனா. பிள்ளையே புள்ளி வைத்துக் கோடு இழுக்கும். கோட்டுக்குக் கீழே "அந்த வாரம் என்ன நடந்தது" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். எத்தனை நாள் பள்ளி, எத்தனை நாள் போனாள், தேர்வா, காய்ச்சலா என்று.

அந்த வரியின் பலன் டிசம்பரில் தெரிந்தது. 6 ஆக இருந்த அம்மாவின் எண் திடீரென்று 1 ஆனது. நோட்டில் அந்த வாரத்தின் கீழே "அரையாண்டு விடுமுறை" என்று இருந்தது. பள்ளி இல்லாத வாரத்தில் பள்ளிக்குக் கிளம்பும் அழுகை எப்படி வரும்? ஜனவரியில் பள்ளி திறந்ததும் 5. விடுமுறைப் புள்ளிகளைக் கோட்டோடு சேர்க்காமல் வெற்று வட்டமாக விட்டோம். உண்மையான மாற்றம் 6இலிருந்து 5 என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று: ஆறாவது வாரம் பிள்ளையின் எண் 9க்கு ஏறியது. அம்மா பதறிவிட்டார். அந்த வாரம்தான் படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியில் முதன்முறையாக நான்கு பேர் முன்னால் ஒரு பத்தி வாசித்தாள். அதுவரை வாசிக்க நேர்ந்தால் பெரும்பாலும் லீவு போட்டுவிடுவாள், நடுங்கும் வாய்ப்பே குறைவு. அடுத்த இரண்டு வாரத்தில் எண் 7, 6 என்று இறங்கியதால் பயிற்சியைத் தொடர்ந்தோம். மூன்று வாரமும் இறங்காமல் நின்றிருந்தால் படியைச் சிறியதாக்கியிருப்பேன்.

என்னைத் தடுக்கி விட்ட இடம்: மறுமுறை எந்தத் தாள்?

சில வருடங்களுக்கு முன் வேறொரு பையனுக்கு ஆறு வாரம் கழித்து அதே எஸ்டிக்யூ தாளைத் திரும்பக் கொடுத்தேன். முதலில் 21, இப்போது 20. வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்திருப்பதாக அவன் அம்மாவே சொல்லியிருந்தார். தாள் மட்டும் அசையவில்லை. சிகிச்சை முறையையே மாற்றலாம் என்று நான் முடிவெடுக்கும் நிலையில் இருந்தபோது அவரிடமே கேட்டேன். "ஆறு மாசத்துக்குத்தானே கேட்டிருக்கு மேடம்? நாலு மாசம் ரொம்பக் கஷ்டமாத்தானே இருந்தது, அதான் அப்படிப் போட்டேன்" என்றார்.

தாளின் தலைப்பில் "கடந்த ஆறு மாதங்களில்" என்று இருக்கிறது. அவர் சரியாகப் படித்தார், நான்தான் படிக்கவில்லை. மறுமுறைக்கென்றே தனித் தாள் இருக்கிறது, அது "கடந்த ஒரு மாதத்தில்" என்று கேட்கும். அதே தளத்தில், பின்தொடர் தாள் என்று தேடி எடுங்கள். சிகிச்சை தொடங்கி ஒரு மாதமாவது ஆன பிறகுதான் அதைக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் நீண்ட விடுமுறை விழக் கூடாது. அதனால் நம் பெண்ணுக்கு ஜனவரி முதல் வாரம் கொடுக்காமல் மாதக் கடைசிவரை காத்திருந்தோம்.

பின்தொடர் தாளில் கூடுதலாக இரண்டு கேள்வி உண்டு. அதில் ஒன்று, இங்கே வரத் தொடங்கிய பிறகு எப்படி இருக்கிறது என்பது. முகத்தாட்சண்யத்துக்காகப் பலரும் "மிகவும் நன்றாக" என்றே போடுவார்கள். நான் அதைப் பேச்சைத் தொடங்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு இறங்கினால் மாற்றம்?

அம்மா 19இலிருந்து 11. பிள்ளை 18இலிருந்து 13. ஆசிரியை 8இலிருந்து 7. ஒரே ஆள் இரண்டு நாள் நிரப்பினாலே இரண்டு மூன்று எண் முன்பின் ஆகும். உளவியல் ஆய்வாளர்கள் ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991இல் சொன்ன கணக்கைப் பிரிட்டிஷ் பெற்றோர் தரவில் போட்டால் சுமார் 7 வருகிறது. அதற்கு மேல் மாறினால்தான் தற்செயல் அல்ல என்று ஓரளவு நம்பலாம். அம்மாவின் 8 அதைத் தாண்டுகிறது. பிள்ளையின் 5 நல்ல திசையில் போகிறது, ஆனால் உறுதி இல்லை. ஆசிரியையின் தாள் தொடக்கத்திலேயே கீழே இருந்ததால் இறங்க இடமே இல்லை. அங்கே வாராந்திர எண் 9இலிருந்து 4 ஆனதுதான் சேதி. ஜனவரி கடைசியில் அம்மாவின் வார எண் 3, பிள்ளையுடையது 4.

*இன்னொரு பின்சேர்க்கை:* முதல் முறை அம்மா நிரப்பி, இரண்டாம் முறை அப்பா நிரப்பியதாகவும், 17 என்பது 11 ஆனதில் எல்லோரும் மகிழ்ந்ததாகவும் ஓர் ஆலோசகர் எழுதியிருந்தார். மறுபடி அம்மாவிடம் கொடுத்தபோது 16. தாளின் மேல் மூலையில் "நிரப்பியவர்: அம்மா" என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். ஜூனில் ஆசிரியர் மாறினால் பழைய கோட்டை நிறுத்திவிட்டு, புதியவர் பிள்ளையை ஒரு மாதம் பார்த்த பிறகு புதுக் கோடு தொடங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிதான் வளர்க்கிறார் என்றால் தாளில் உள்ளபடியே வாசித்துக்காட்டுங்கள், விளக்கம் சேர்க்காமல்.

இந்தத் தாளில் தற்கொலை எண்ணம் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. மொத்தம் 9 என்று வந்தாலும் பிள்ளை சோர்ந்து தெரிந்தால் நேரடியாக, தனியாகக் கேட்டுவிடுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னால் அடுத்த புள்ளிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெற்றோரிடம் பேசி, மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.